பாட்டியின் முழங்கை

ஒரு பாட்டி வாசலில் நிற்கிறாள். தெருமுனையில் யாரோ வருகிறார்கள். வெயிலில் கண் கூசுகிறது. வலது கையை நெற்றிக்கு மேலே வைத்து உற்றுப் பார்க்கிறாள். "யாரு?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி. நீளம் 4 வினாடி.

வினாடிக்கு 24 ஃபிரேம் என்பது சினிமாக் கணக்கு. அதன்படி இந்தக் காட்சிக்கு 96 படங்கள் வேண்டும். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தையே இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பார்கள். அப்படிச் செய்தாலும் 48 பாட்டிகளை வரைந்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் மூக்கு அதே மூக்காகவும் சேலைக்கரை அதே அகலத்திலும் இருக்க வேண்டும். தனியாளாக வேலை செய்பவருக்கு முதல் தடை இங்கேதான்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. பாட்டியை ஒரே ஒரு முறை வரைந்து, தலை, உடல், மேற்கை, முன்கை, உள்ளங்கை என்று துண்டு துண்டாகப் பிரித்து, மூட்டுகளில் கோத்து, பொம்மையாக்கி ஆட்டுவது. 'கட்-அவுட்' அனிமேஷன் என்பது இதுதான். கணினியை விட வயதான முறை. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் 1923 முதல் 1926 வரை உழைத்து எடுத்த 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' முழுநீளப் படம் கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் வெட்டிய உருவங்களால் ஆனது. மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கண்ணாடி மேசைமேல் படுக்கவைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி, ஒரு ஃபிரேமுக்கு ஒரு நூலளவு நகர்த்திப் படமெடுத்தார். நம்மூர்த் தோற்பாவைக் கூத்துக்காரர்கள் ஆட்டுத்தோலில் செய்த கையைத் தோளோடு கயிற்றால் முடிந்தபோதும் சந்தித்தது அதே கேள்வியைத்தான்: எங்கே வெட்டுவது, எங்கே முடிச்சுப் போடுவது?

கணினிக்கு வந்த பிறகும் கேள்வி மாறவில்லை. கம்பிக்குப் பதில் 'எலும்பு' என்ற கோடு வந்தது. இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணினியே நிரப்பிக்கொள்வது புதிய வசதி. இப்படித் துண்டுகளை எலும்பில் பூட்டித் தயார்செய்வதற்கு 'ரிக்கிங்' என்று பெயர். பூட்டி முடித்த பொம்மை 'ரிக்'.

இதற்குக் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் உண்டு. பாட்டிக்கு அவை தேவையில்லை. 'சின்ஃபிக் ஸ்டுடியோ' என்ற கட்டற்ற மென்பொருள் போதும். இதை எழுதத் தொடங்கியவர் அமெரிக்கரான ராபர்ட் குவாட்டில்பாம். தன் 'வோரியா' என்ற அனிமேஷன் நிறுவனத்துக்காக எழுதினார். குறைந்த ஆட்களோடு தரமான படம் எடுக்க வேண்டும், இடைப்பட்ட படங்களைக் கையால் வரையும் வேலை ஒழிய வேண்டும் என்பது நோக்கம். நிறுவனம் நிலைக்கவில்லை. 2005-இல் மென்பொருளின் மூலநிரலைப் பொது உரிமத்தில் வெளியிட்டுவிட்டார். அன்றிலிருந்து தன்னார்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். துண்டுகளை வரைவதற்கு 'கிருத்தா' என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள் பொருத்தம்.

இந்த வேலையில் புதியவர்கள் பெரும்பாலும் அசைவில் தடுக்கி விழுவதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் விழுவது அதற்கு வெகு முன்னால், வெட்டுகிற இடத்தில். எதுவும் அசையத் தொடங்கும் முன்பே ஒரு பொம்மையின் தரம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

பாட்டியைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. அவள் கட்டியிருப்பது சேலை. இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே துண்டு போதும். தொடை, முழங்கால், கணுக்கால் என்ற ஆறு மூட்டுகள் மறைந்துவிடுகின்றன. மாராப்பு ஒரு பக்கத் தோளை மூடிவிடுகிறது. அந்தத் தோள்மூட்டில் ஏற்படும் அசிங்கமெல்லாம் அதன் அடியில் போய்விடும். கட்டம்போட்ட சேலையாக இல்லாமல் ஒரே நிறச் சேலையாக இருப்பது நல்லது. உடல் சாயும்போது மேல்துண்டின் கட்டமும் கீழ்த்துண்டின் கட்டமும் இடுப்பில் ஒன்றோடொன்று பொருந்தாமல் உடைந்து தெரியும். கரையை மட்டும் அழகாகப் போட்டுக்கொள்ளலாம். பாத்திரத்தின் உடையை ஓவியர் முடிவுசெய்வதாகத் தோன்றும். கட்-அவுட் வேலையில் அதை மூட்டுகள்தான் முடிவுசெய்கின்றன.

துண்டுகளை எண்ணிப் பார்க்கலாம். இடுப்புக்குக் கீழே ஒன்று, மேலுடல், மாராப்பு, கழுத்து, தலை, கொண்டை என ஆறு. வலது கையில் மேற்கை, முன்கை. உள்ளங்கைக்கு இரண்டு படம்: தளர்ந்து தொங்குவது ஒன்று, நெற்றியில் வைக்க விரல்கள் சேர்ந்திருப்பது ஒன்று. இடது கை இந்தக் காட்சியில் சும்மா தொங்குவதால் இரண்டே துண்டு. வாய்க்கு மூன்று, கண்ணுக்குத் திறந்தது, மூடியது என இரண்டு, புருவம் ஒன்று. மொத்தம் 18.

இப்போது அந்த முழங்கை. மேற்கையும் முன்கையும் சேரும் இடத்தில் நேராக ஒரு கோடு போட்டு வெட்டினால் என்ன ஆகும்? கை நீட்டியிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மடக்கியதும் வெளிப்பக்கம் முக்கோணமாக ஓர் இடைவெளி வாய் பிளக்கும். உட்பக்கம் ஒரு துண்டின் மூலை இன்னொன்றின்மேல் குத்திக்கொண்டு நிற்கும். இதற்குத் தீர்வு வட்டம். முழங்கை அருகே கையின் அகலம் 60 பிக்சல் என்றால், மேற்கையின் கீழ்முனையை 30 பிக்சல் ஆரமுள்ள அரைவட்டமாக முடிக்க வேண்டும். முன்கையின் மேல்முனையையும் அதே ஆரத்தில் அரைவட்டமாக முடிக்க வேண்டும். இரண்டு வட்டங்களின் மையமும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். சுழற்சிப் புள்ளியும் அதே இடம்தான். வட்டத்தை அதன் மையத்தைப் பற்றி எவ்வளவு சுழற்றினாலும் அது அதே வட்டம்தானே. எந்தக் கோணத்தில் மடக்கினாலும் இடைவெளியும் வராது, புடைப்பும் வராது.

சுழற்சிப் புள்ளி மையத்திலிருந்து 10 பிக்சல் விலகிவிட்டால்? கையை 90 பாகை மடக்கும்போது முன்கையின் வட்டம் தன் இடத்திலிருந்து 14 பிக்சல் நகர்ந்துவிடும். முழங்கையில் ஒரு படிக்கட்டு முளைத்ததுபோல் தெரியும். ஆகவே வேறெதையும் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு மூட்டையும் 90 பாகை திருப்பிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். நேராக இருக்கும் கை ஒருபோதும் உண்மையைச் சொல்லாது.

வெளிக்கோடு போட்டு வரைபவர்களுக்கு இன்னொரு சிக்கல். முன்கையின் மேல்முனையைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருந்தால், அது மேற்கையின்மேல் வளைகோடாகப் பதிந்து, பாட்டி தேய்த்துக்கட்டிய மரப்பாச்சியாகத் தெரிவாள். மூட்டுக்குள் போகும் வட்டப் பகுதிக்கு மட்டும் கோடு போடாமல் வெறும் நிறமாக விட வேண்டும். கையின் இரு ஓரக் கோடுகளும் வட்டம் தொடங்கும் இடத்தில் மெலிந்து முடியட்டும். தோலில் நிழல் தீட்டுபவர்கள் மூட்டுக்கு அருகே நிழலை நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் கை திரும்பும்போது நிழலும் கூடவே திரும்பி, வெயில் பக்கம் மாறிவிட்டதாகக் காட்டும்.

கிருத்தாவில் ஒவ்வொரு துண்டும் தனி லேயர். அதை வெளியே எடுக்கும்போது துண்டின் அளவுக்கு வெட்டாமல், எல்லாவற்றையும் ஒரே அளவுத் தாளில், பின்னணி இல்லாத பி.என்.ஜி. கோப்புகளாக எடுப்பது வசதி. பாட்டியின் தாள் 2000-க்கு 2000 பிக்சல் என்றால், கண் துண்டும் 2000-க்கு 2000 தான், ஓரமெல்லாம் வெற்றிடம். கோப்பு கொஞ்சம் கனக்கும். ஆனால் சின்ஃபிக்கில் இறக்கியதும் 18 துண்டுகளும் அவரவர் இடத்தில் தாமாக விழுந்து முழுப் பாட்டி நிற்பாள். வெட்டி எடுத்தவர் புருவத்தைத் தேடி நெற்றியில் ஒட்டிக்கொண்டிருப்பார். இவற்றோடு இன்னொரு லேயரும் வேண்டும்: ஒவ்வொரு மூட்டின் வட்ட மையத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் வைத்த வழிகாட்டித் தாள். எலும்பு எங்கே தொடங்க வேண்டும் என்று அதுதான் சொல்லும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடலாம்.

சின்ஃபிக்கில் "Skeleton" என்று ஒரு லேயர் வகை உண்டு. அதைச் சேர்த்ததும் ஒற்றை எலும்பு தோன்றும். அதை இடுப்பில் வைத்து, வலது சொடுக்கில் "Create Child Bone" கொடுத்தால் அதிலிருந்து ஒரு பிள்ளை எலும்பு கிளைக்கும். இடுப்புக்குப் பிள்ளை மேலுடல். மேலுடலுக்குப் பிள்ளைகள் தலை, வலது மேற்கை, இடது மேற்கை, மாராப்பு. மேற்கைக்குப் பிள்ளை முன்கை. வலப்பக்கம் மட்டும் முன்கைக்குப் பிள்ளையாக உள்ளங்கை. மொத்தம் 9 எலும்பு. தாய் அசைந்தால் பிள்ளைகள் கூடவே போகும்; பிள்ளை அசைந்தால் தாய்க்கு ஒன்றுமில்லை. மேலுடலைச் சாய்த்தால் தலையும் கைகளும் சேர்ந்து சாய்வதற்கு இந்த வாரிசுமுறைதான் காரணம்.

அடுத்து, துண்டை எலும்பில் பூட்டுவது. துண்டு ஒவ்வொன்றும் தனித்தனிக் குரூப்புக்குள் இருக்க வேண்டும். எலும்போடு சேர்வது அந்தக் குரூப்தான். குரூப்பையும் எலும்புக்கூட்டு லேயரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, குரூப்பின் கைப்பிடிப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு, உரிய எலும்பின்மேல் வலது சொடுக்கினால் "Link to Bone" வரும். இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. சின்ஃபிக்கில் அசைவைப் பதிவுசெய்யும் நிலைக்கு ஒரு பொத்தான் உண்டு. அது போடப்பட்டிருந்தால் வேலைப்பரப்பைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் தெரியும். எலும்பை இடம்பார்த்து வைப்பதும் துண்டைப் பூட்டுவதும் சிவப்புச் சட்டம் இல்லாதபோது மட்டுமே நடக்க வேண்டும். பூட்டிய பிறகு எலும்பை நகர்த்தினால் துண்டும் கூடவே நகரும். ஆகவே எலும்பு சிவப்புப் புள்ளியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

இங்கே இரண்டு வரிசைகள் குழம்பும். எலும்புகளின் வரிசை யார் யாரோடு அசைவது என்பதைச் சொல்கிறது. லேயர்களின் வரிசை யார் யாரை மறைப்பது என்பதைச் சொல்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. பாட்டியின் வலக்கை மேலுடலின் பிள்ளை. ஆனால் லேயர் அடுக்கில் அது தலைக்கும் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றிக்கு வந்த கை முகத்தின் பின்னே போய் ஒளிந்துகொள்ளும். அதே பாட்டி கொண்டையைச் சரிசெய்யக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் நடுவில் அடுக்கு மாறியாக வேண்டும். அதற்கென "Z Depth" என்ற எண் ஒவ்வொரு லேயருக்கும் உண்டு. அதையும் நேரத்தோடு மாற்றலாம்.

இனி அசைவு. சிவப்புச் சட்டத்தைப் போட்டாயிற்று. சும்மா நிற்கும் பாட்டியின் வலது மேற்கை கீழ்நோக்கித் தொங்குகிறது. கோணம் −90 பாகை. நெற்றிக்குக் கை போகும்போது மேற்கை பக்கவாட்டில் எழும்பி −170-க்கு வரும். முன்கை தன் தாயைப் பொறுத்து 0-விலிருந்து −140-க்கு மடங்கும். மேலிருந்து கீழாக, முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் மணிக்கட்டு என்று திருப்பிக்கொண்டே வந்தால் கை நெற்றியில் சேரும். தொடக்க நிலையும் முடிவு நிலையும் பதிவானால் இடையில் உள்ளவற்றைக் கணினி போட்டுக்கொள்ளும். எலும்புகள் சுழல்வதால் விரல்நுனி வளைகோட்டில் போகிறது. உயிருள்ள கையும் அப்படித்தான் போகும். எலும்பு இல்லாமல் உள்ளங்கைத் துண்டை மட்டும் இழுத்து வைத்திருந்தால் அது நேர்கோட்டில், மின்தூக்கியில் ஏறுவதுபோல் போயிருக்கும்.

எண்களைத் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. −170 பாகையும் 190 பாகையும் பார்வைக்கு ஒரே நிலைதான். ஆனால் −90-லிருந்து −170-க்குப் போவது 80 பாகைப் பயணம்; −90-லிருந்து 190-க்குப் போவது 280 பாகைப் பயணம். பாட்டியின் கை உடலைக் கடந்து, தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றி, காற்றாலைபோல் வந்து நெற்றியில் சேரும். தொடக்கப் படமும் சரி, முடிவுப் படமும் சரி. நடுவில் மட்டும் கூத்து. கை திடீரென்று சுழல்கிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கோணத்தின் குறியை.

இந்த இடத்தில் ஓட்டிப் பார்த்தால் கை நெற்றிக்கு வந்துவிடும். ஆனால் நீருக்கடியில் நடப்பதுபோல் இருக்கும். காரணம் எளிது: தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒரே ஃபிரேமில் தொடங்கி ஒரே ஃபிரேமில் நிற்கின்றன. எந்த உடலும் அப்படி அசைவதில்லை. மேற்கை 16-ஆம் ஃபிரேமில் தொடங்கி 28-இல் நிற்கட்டும். முன்கையின் பதிவுகளை இரண்டு ஃபிரேம் தள்ளி 18-க்கும் 30-க்கும் நகர்த்த வேண்டும். உள்ளங்கையை இன்னும் இரண்டு தள்ளி 20-க்கும் 32-க்கும். அதுவும் போதாது, கை தன் இலக்கை நான்கு பாகை தாண்டிப்போய், அடுத்த நான்கு ஃபிரேமில் திரும்பி வந்து நிலைகொள்ள வேண்டும். மாராப்பு எலும்பு, உடல் சாய்ந்து நான்கு ஃபிரேம் கழித்துச் சாய வேண்டும். நேரப்பலகையில் சில புள்ளிகளைப் பக்கவாட்டில் இழுத்துவிடுகிற வேலைதான் இது, சில நிமிடம் ஆகும். ஆனால் பொம்மை ஆள் ஆவது இந்தச் சில நிமிடத்தில்தான். கணினி இடையில் நிரப்பியதை அப்படியே ஏற்றுக்கொள்பவர்களின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி மிதப்பதற்கும் இதுதான் காரணம்.

கை எழுவதற்கு முன்னால் ஒரு சின்ன முன்னறிவிப்பும் வேண்டும். 12-ஆம் ஃபிரேமில் தலை மூன்று பாகை முன்னால் குனிகிறது. தொங்கும் கை ஒரு பொட்டு எதிர்ப்பக்கம் போய் வருகிறது. பார்ப்பவர் இதைத் தனியாகக் கவனிக்கமாட்டார். இல்லாவிட்டால் மட்டும் கை வெடுக்கென்று பிடுங்கியதாகத் தோன்றும். தளர்ந்த உள்ளங்கையிலிருந்து விரல் சேர்ந்த உள்ளங்கைக்கு மாறுவது 26-ஆம் ஃபிரேமில், அதாவது கை வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது. வேகத்தில் மாற்றியது கண்ணுக்குப் படாது. நின்ற பிறகு மாற்றினால் விரல்கள் துள்ளும்.

புதியவர்களைப் பாடாய்ப் படுத்தும் இன்னொன்று 'நழுவல்'. 36-ஆம் ஃபிரேமில் எல்லாம் நின்றுவிட்டது, 46-இல் தலை நிமிர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தலையின் நிலையை 46-க்குப் பிறகு மட்டும் பதிவுசெய்தால், கணினி முந்தைய பதிவிலிருந்தே மெல்ல மெல்லத் தலையை நகர்த்த ஆரம்பித்துவிடும். பாட்டி யோசனையில் தலையை ஆட்டுவதுபோல் இருக்கும். ஓர் அசைவு எங்கே தொடங்குகிறதோ அந்த ஃபிரேமிலும் பழைய நிலையையே ஒரு முறை பதிந்துவைக்க வேண்டும். அதற்காக நிற்கும் நேரத்தில் எல்லாவற்றையும் உறையவைக்கவும் கூடாது. மேலுடல் ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று பிக்சல் எழுந்து இறங்கினால் போதும், அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று தெரியும்.

"யாரு?" என்ற சொல்லுக்கு மூன்று வாய் போதும்: மூடியது, அகலத் திறந்தது, குவிந்தது. சின்ஃபிக்கில் "Switch Group" என்ற லேயருக்குள் மூன்றையும் போட்டு, எது தெரிய வேண்டும் என்று பெயரால் சொல்லலாம். கண்ணுக்கும் உள்ளங்கைக்கும்கூட இதே ஏற்பாடுதான். ஒலிப்பதிவில் 'யா' சரியாக 2-ஆவது வினாடியில் தொடங்கினால், வாய் அதற்கு இரண்டு ஃபிரேம் முன்பே, 46-இல் திறக்க வேண்டும். ஒலி வந்த பிறகு வாய் திறந்தால் மொழிமாற்றுப் படம் பார்ப்பதுபோல் இருக்கும்; முன்னால் திறந்தால் யாருக்கும் உறுத்தாது. 52-இல் குவிந்த வாய், 57-இல் மூடிய வாய். 'யா'வோடு புருவமும் சற்று உயர்ந்தால் கேள்வி கேள்வியாகிவிடும். சொல்லப்போனால் வாயைவிடப் புருவம்தான் இங்கே அதிகம் பேசுகிறது.

ஒரு சொல்லுக்குக் கையால் போடலாம். பாட்டி ஒரு நிமிடம் வசை பாடினால்? அதற்கு 'ரூபார்ப்' என்ற கட்டற்ற கருவி இருக்கிறது. பேச்சுப் பதிவைக் கொடுத்தால் எந்த நேரத்தில் எந்த வாய் என்று பட்டியல் தரும். ஆங்கிலத்துக்கென்று செய்த அடையாளங்காட்டி தமிழுக்கு உதவாது. மொழியைப் பார்க்காமல் ஒலியை மட்டும் பார்க்கும் இன்னொரு முறையும் அதில் உண்டு. கட்டளை இவ்வளவுதான்:

```
rhubarb -r phonetic --extendedShapes "" -o paatti.tsv paatti.wav
```

பட்டியலில் A முதல் F வரை எழுத்துகள் வரும். A என்பது ப, ம போன்ற ஒலிகளுக்கான மூடிய வாய், D அகலத் திறந்தது, F குவிந்தது. அடிப்படையாக ஆறு வாய்கள் வரைந்தால் எந்த வசனத்தையும் சமாளிக்கலாம். ஆனால் கருவி தரும் பட்டியலில் வாய் மிகையாகத் துடிக்கும். இரண்டு ஃபிரேமுக்கும் குறைவாக வந்துபோகும் வாய்களை நீக்கிவிட்டால் பேச்சு அமைதியாகும்.

இந்த முறையால் முடியாதது என்ன? முதலாவது, திரும்புவது. பாட்டி நம்மைப் பார்த்து நிற்கும்வரைதான் இந்தத் தலை. அவள் பக்கவாட்டில் திரும்பினால் மூக்கு நீள வேண்டும், ஒரு காது மறைய வேண்டும். எந்த எலும்பாலும் அதைச் செய்ய முடியாது. முக்கால்பக்கத் தலை ஒன்று தனியாக வரைந்துவைத்து, பாட்டி கண் சிமிட்டும் இரண்டு மூன்று ஃபிரேமுக்குள் மாற்றிவிடுவார்கள். தோற்பாவைக் கூத்தில் ஒரே பாத்திரத்துக்கு நிற்பது ஒன்று, உட்கார்ந்திருப்பது ஒன்று என்று காட்சிக்கேற்ப வெவ்வேறு பாவைகள் வைத்திருப்பதும் இந்தக் காரணத்தால்தான்.

இரண்டாவது, நடை. இங்கே சொன்ன ரிக்கில் எல்லா அசைவும் இடுப்பிலிருந்து கீழ்நோக்கிப் பாய்கிறது. இடுப்பு முன்னால் போனால் பாதமும் கூடவே போகும். தரையில் ஊன்றியிருக்க வேண்டிய கால் சறுக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் கையால் இழுத்துச் சரிசெய்வது நரகம். பாதத்தை ஓரிடத்தில் நிறுத்தினால் முழங்காலும் தொடையும் தாமே கணக்குப் போட்டு மடங்கும் ஏற்பாடு 'தலைகீழ் இயக்கம்' எனப்படுகிறது. அதற்கு 'பிளெண்டர்' அல்லது 'ஓப்பன்டூன்ஸ்' பக்கம் போவது நல்லது. இத்தாலியில் பிறந்து, ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோவில் 'இளவரசி மோனோனோகே' முதல் பயன்பட்ட 'டூன்ஸ்' என்ற மென்பொருள்தான் 2016-இல் ஓப்பன்டூன்ஸ் என்று கட்டற்றதாக வெளிவந்தது. வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தாவை நடக்கவைக்க நினைப்பவர் அங்கே தொடங்கலாம். பாட்டி வாசலிலேயே நிற்கட்டும்.

முடிந்த காட்சியை நேரடியாக வீடியோவாக எடுக்கலாம். ஆனால் முதலில் பி.என்.ஜி. படங்களாக எடுத்துவைப்பவர்கள் அனுபவசாலிகள். 70-ஆவது ஃபிரேமில் மின்சாரம் போனாலும் அதுவரை எடுத்தவை கைவசம் இருக்கும். ஒரே ஒரு ஃபிரேமில் குறை தெரிந்தால் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுக்கலாம். பிறகு படங்களையும் குரலையும் சேர்த்துக்கொள்ள ஒரு வரி:

```
ffmpeg -framerate 24 -i paatti.%04d.png -i paatti.wav -pix_fmt yuv420p paatti.mp4
```

சின்ஃபிக் கோப்பில் படங்கள் உள்ளே போவதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரி மட்டுமே பதிவாகிறது. துண்டுகள் இருக்கும் ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்தினால் அடுத்த நாள் திறக்கும்போது எலும்புக்கூடு மட்டும் வாசலில் நிற்கும். கோப்பையும் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, நகர்த்தினால் மொத்தமாக நகர்த்த வேண்டும். இதே ஏற்பாட்டில் ஒரு லாபமும் உண்டு. சேலை நீலத்துக்குப் பதில் அரக்காக இருந்திருக்கலாமே என்று கடைசி நேரத்தில் தோன்றினால், கிருத்தாவில் மேலுடல், கீழுடல், மாராப்பு மூன்று துண்டுகளுக்கும் நிறம் மாற்றி அதே பெயரில் சேமித்து, சின்ஃபிக் கோப்பை மறுபடி திறந்தால் போதும். 96 ஃபிரேமிலும் பாட்டி அரக்குச் சேலைக்கு மாறியிருப்பாள். தாளின் அளவை மட்டும் மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் மாராப்பு தோளில் இருக்காது.